ஆசிரியர் தினத் தள்ளுபடி: கட்டணம் செலுத்தும் முன் படிக்க ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 5 நெருங்க நெருங்க உங்கள் கைப்பேசியில் வாழ்த்துகள் குவியும். அவற்றில் பாதி எதையாவது விற்க வந்தவை. இதுவும் விற்பனை மடல்தான். ஆசிரியர்களுக்கு இணையவழியில் பாடம் நடத்தி, அந்த வருமானத்தில் ஓடுகிற சிறிய நிறுவனம் எங்களுடையது. நன்றியை முதலில் சொல்லிவிட்டு விலையைக் கடைசியில் நுழைப்பது இந்தத் தொழிலின் வழக்கம். நான் விலையிலிருந்தே தொடங்குகிறேன்.

மதிப்பெண் பட்டியல், தேர்ச்சி அறிக்கை, வருகைச் சுருக்கம் ஆகியவற்றை கூகுள் ஷீட்ஸில் தயாரிக்கும் பயிற்சிக்கு எங்கள் கட்டணம் 1,500 ரூபாய். ஆசிரியர் தினத்தை முன்னிட்டு 40 சதவீதம் குறைத்திருக்கிறோம். அப்படியானால் 900 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 162 ரூபாய். ஆக, நீங்கள் கட்டப்போவது 1,062 ரூபாய். கட்டணப் பக்கத்தில் ASIRIYAR40 என்று தட்டச்சு செய்தால் இந்தத் தொகைதான் வரும். வேறு தொகை வந்தால் பணம் கட்டாமல் எங்களுக்கு எழுதுங்கள்.

வரியோடு சேர்த்து ஏன் சொல்கிறேன் என்றால், "வெறும் 900" என்று விளம்பரத்தில் போட்டு, வரியைக் கடைசிப் பக்கத்தில் மட்டும் காட்டுவது எங்கள் தொழிலில் சாதாரணம். அட்டை எண்ணைப் பாதி அடித்துவிட்ட பிறகு 162 ரூபாய்க்காக யாரும் திரும்பிப் போவதில்லை என்ற கணக்குதான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இணைய விற்பனையில் நடக்கும் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. விலையைத் துளித்துளியாக வெளியிடுவது அவற்றுள் ஒன்று. இன்னொன்றையும் கவனியுங்கள்: வரி வாங்குபவர் ரசீதில் தம் ஜி.எஸ்.டி. பதிவு எண்ணைக் காட்ட வேண்டும். அது 15 எழுத்துகளும் எண்களும் கொண்டது. தமிழ்நாட்டில் பதிவு செய்தவருக்கு 33 என்று தொடங்கும். பதிவு எண் இல்லாதவர் உங்களிடம் வரி வசூலிக்க முடியாது.

சரி, ஏன் 40 சதவீதம்? வேறு இடங்களில் 90 சதவீதம்கூடத் தருகிறார்களே என்று கேட்பீர்கள். பதிவு செய்த காணொளியை இன்னும் ஒருவர் பார்ப்பதால் எங்களுக்கு ஏறக்குறைய எந்தச் செலவும் கூடுவதில்லை. காணொளியை மட்டும் விற்பவர் 4,999 என்று எழுதி, அதை அடித்துவிட்டு 499க்குக் கொடுத்தாலும் அவருக்கு நட்டமில்லை. பல நேரங்களில் அந்த 4,999க்கு அது ஒருநாளும் விற்றதே இல்லை. சந்தேகம் வந்தால் இணையத்தின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் Wayback Machine தளத்தில் அந்த விற்பனைப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பக்கம் சேமிக்கப்பட்டிருந்தால் முந்தைய விலை தெரிந்துவிடும். எங்கள் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் அனுப்பும் பயிற்சித் தாளை ஒருவர் திறந்து பார்த்து, சராசரி கணக்கிடும்போது தேர்வுக்கு வராத மாணவரின் கட்டத்தில் நீங்கள் பூஜ்யம் போட்டிருப்பதால்தான் வகுப்புச் சராசரி சரிந்திருக்கிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். அவருக்குச் சம்பளம் உண்டு. அதனால் 40க்கு மேல் குறைக்க எங்களால் இயலாது.

அவசரமூட்டும் கடிகாரமும் எங்கள் பக்கத்தில் ஓடாது. "இன்னும் 7 இடங்கள் மட்டுமே" என்று பதிவு செய்த காணொளிக்கு எழுதுவது பொய் அவசரம். அதுவும் அந்தப் 13இல் இருக்கிறது. எங்கள் கடைசி நாள் செப்டம்பர் 10. தாள் திருத்தும் அடுத்த குழுவை அதன் பிறகு தொடங்குவதால்தான் அந்தத் தேதி. தவறவிட்டால் பயிற்சி எங்கும் போய்விடாது, விலை மட்டும் 1,500க்குத் திரும்பும்.

ஆசிரியர் என்பதற்கு என்ன சான்று கேட்பது என்பதில்தான் எங்களுக்குள் நீண்ட வாதம் நடந்தது. பள்ளி அடையாள அட்டையைக் கேட்பது எளிது. ஆனால் அட்டை வைத்திருப்பவர் பெரும்பாலும் நிலையான ஊதியம் உள்ளவர். 2012இல் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்ந்த பகுதிநேர ஓவிய, தையல், கணினி ஆசிரியர்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை நேரம் பாடம் சொன்ன தன்னார்வலர்கள், வீட்டுத் திண்ணையில் தனிப்பயிற்சி நடத்துகிறவர்கள் என்று பலரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. தள்ளுபடி யாருக்கு அதிகம் தேவையோ அவரையே வாசலில் நிறுத்துவது முறையா? ஆகவே சான்று எதுவும் கேட்பதில்லை என்று முடிவு செய்தோம். ஆசிரியர் அல்லாத சிலர் நுழைவார்கள், நுழையட்டும். தள்ளுபடிக்காக யாராவது ஆதார் நகலைக் கேட்டால் தராதீர்கள், அந்த வேலைக்கு அது தேவையே இல்லை.

இனி, யார் இதை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். (இந்தப் பத்தியை நீக்கச் சொல்லி எங்கள் விற்பனைப் பிரிவு கேட்டது.) தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில்சார் பயிற்சியை எதிர்பார்க்கிறது. அந்தக் கணக்குக்காகச் சான்றிதழ் தேடுபவருக்கு எங்கள் சான்றிதழ் உதவும் என்று நாங்கள் வாக்குத் தர முடியாது. அரசின் தீக்ஷா தளத்தில் நிஷ்டா பயிற்சிகள் இலவசமாகவே இருக்கின்றன, அங்கே போங்கள். பாட அறிவைப் பெருக்க நினைப்பவருக்கு ஸ்வயம் தளம் உண்டு. அங்கே படிக்கக் கட்டணமில்லை, தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறத்தான் கட்டணம். கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர்களும் இப்போதைக்கு வேண்டாம். ஐந்து அங்குலத் திரையில் 40 மாணவர்களின் ஆறு பாட மதிப்பெண்களை வைத்துக்கொண்டு சூத்திரம் எழுதுவது கண்ணுக்குக் கேடு. பள்ளியின் கணினி ஆய்வகத்தில் வாரம் இரண்டு மணி நேரம் உட்கார வழி இருந்தால் அது போதும்.

கடைசியாக, பணம் கட்டும் இடம். இது ஒருமுறைக் கட்டணம். மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் ஒப்புதலை நாங்கள் கேட்பதில்லை. பிறர் "முதல் மாதம் 1 ரூபாய்" என்று அழைத்தால், யு.பி.ஐ. ரகசிய எண்ணை அடிக்கும் முன் திரையில் AutoPay அல்லது Mandate என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 1 ரூபாயோடு அது நிற்காது. ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. உங்கள் யு.பி.ஐ. செயலியில் AutoPay பகுதியைத் திறந்தால் இதுவரை கொடுத்த ஒப்புதல்கள் தெரியும். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம்.

எங்கள் பயிற்சி பிடிக்கவில்லை என்றால் ஏழு நாட்களுக்குள் ஒரு வரி எழுதினால் போதும், காரணம் கேட்கமாட்டோம். வரி சேர்த்து 1,062 ரூபாயும் நீங்கள் கட்டிய கணக்குக்கே திரும்பும். நாங்கள் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம்.

ஆசிரியர் தின வாழ்த்துகளுடன்,
பயிற்சி நிறுவனத்தின் பொறுப்பாளர்