வராத சனிக்கிழமைக்கும் வாடகை உண்டு: மியூனிக் தமிழ் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான பெற்றோர்களே,

நம் சனிக்கிழமை வகுப்பின் கணக்கைப் பார்க்கும் பெற்றோரில் ஒருவனாக எழுதுகிறேன். செப்டம்பரில் தொடங்கும் ஆண்டுக்குப் பிள்ளை ஒன்றுக்கு 110 யூரோ கேட்கிறோம். போன ஆண்டு 90. கூடியது ஏன் என்று கேட்க உங்கள் எல்லோருக்கும் உரிமை உண்டு.

பள்ளிக்கூடத்தில் நான்கு அறைகளை மூன்று மணி நேரம் எடுக்கிறோம். வாடகையும், சனிக்கிழமை வந்து கதவு திறந்து பூட்டும் பராமரிப்பாளருக்கான தொகையும் சேர்ந்து ஒரு நாளைக்கு 130 யூரோ ஆகிறது. இலையுதிர்கால விடுமுறை, கிறிஸ்துமஸ், பாஷிங், ஈஸ்டர், பிங்ஸ்டன் எல்லாம் போக வருடத்தில் 32 சனிக்கிழமைகள் மிஞ்சுகின்றன. ஆக அறைகளுக்கு மட்டும் 4,160 யூரோ. 52 பிள்ளைகளுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 80. புத்தகம், நோட்டு, பிரதி எடுப்பதற்கு 25. காப்பீட்டுக்கு 5. ஆசிரியர்களுக்கு இதில் ஒரு சென்ட் கூட இல்லை. அவர்களும் நம்மைப் போலப் பெற்றோர்தான்.

போன ஜூனில் ஓர் அம்மா வாசலில் என்னிடம் கேட்டார்: "அண்ணா, பிங்ஸ்டனுக்கு அப்புறம் நாங்க ரெண்டு வகுப்புக்குத்தான் வந்தோம். அதுக்கு மட்டும் காசு கொடுத்தா போதுமா?" நியாயமான கேள்விதான். ஆனால் அந்த சனிக்கிழமை வருகைப் பதிவேட்டில் இருந்தது 29 பெயர். வந்த நாளுக்கு மட்டும் காசு என்றால், ஒரு வகுப்புக்கு ஏறக்குறைய மூன்றரை யூரோ வீதம் அன்று நூறு யூரோ தேறியிருக்கும். வாடகையோ அதே 130. பிள்ளைகள் குறைந்த அளவுக்கு அறையும் சுருங்குவதில்லை. நம் ஒப்பந்தப்படி ஆண்டு முழுவதற்கும் முன்பதிவு செய்கிறோம், நடுவில் ஓர் அறையைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. கொடுத்தாலும், அ, ஆ எழுதப் பழகும் ஐந்து வயதுப் பிள்ளையையும் பத்தி வாசிக்கும் பதினொரு வயதுப் பிள்ளையையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் இருவருக்குமே அன்றைய வகுப்பு வீண்.

பாதியில் நிற்பதும் இப்படித்தான். பாஷிங் முடிந்ததும் பன்னிரண்டு பிள்ளைகள் கட்டணத்தை எடுத்துக்கொண்டு நின்றுவிட்டால், முழு ஆண்டு வாடகை 40 பேர் மேல் விழுவது போல ஆகிவிடும்: 80 அல்ல, 104. அதனால்தான் கட்டணத்தை அக்டோபர் கடைசிக்குள் முழுதாகக் கேட்கிறோம். அதற்குள் விலகினால் வாடகைப் பங்கு முழுதும் திரும்பக் கிடைக்கும். நவம்பரிலிருந்து கிடைக்காது, பிரிக்காத புத்தகத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்வோம்.

"புத்தகம் இணையத்தில் சும்மாவே கிடைக்கிறதே, எதற்கு 25?" என்று சிலர் கேட்டீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகப் பாடநூல்களை இலவசமாக இறக்கலாம், உண்மை. ஆனால் அதை வீட்டு அச்சுப்பொறியில் எடுத்து வந்த பிள்ளைகளிடம் மூன்றாம் வாரமே தாள்கள் கலைந்து கிடந்தன. ஒருத்தி கையில் 14ஆம் பக்கம், பக்கத்துப் பையனிடம் அது இல்லவே இல்லை. இப்போது மொத்தமாக அச்சடித்துச் சுருள்கம்பி போட்டுக் கொடுக்கிறோம். நோட்டும் அப்படித்தான். இங்கே முதல் வகுப்புக்கு விற்கும் நான்கு கோட்டு நோட்டு ரோமன் எழுத்துக்கானது. 'கீ' மேலே ஏறவும் 'மூ' கீழே இறங்கவும் அதில் இடம் தெரியாமல் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். பெரிய கட்டம் போட்ட நோட்டு வாங்கிய பிறகு எழுத்து ஒழுங்கானதை நானே என் மகளிடம் பார்த்தேன்.

கட்டணத்துக்கு நன்கொடைச் சான்று கேட்டவர்களுக்கு ஒரு விளக்கம். வகுப்புக்காகக் கொடுக்கும் காசு சட்டப்படி நன்கொடை ஆகாது, பதிலுக்கு வகுப்பு கிடைக்கிறதே. அப்படி எழுதிக் கொடுத்தால் நம் சங்கத்தின் பொதுநலத் தகுதிக்கே ஆபத்து. கட்டணத்துக்கு மேல் மனமுவந்து கொடுப்பதைத் தனியாக அனுப்புங்கள். 300 யூரோ வரை வங்கிச் சீட்டும், சங்கத்தின் பொதுநலத் தகுதி விவரம் அச்சிட்ட ரசீதும் இருந்தால் வரி அலுவலகத்துக்குப் போதும்.

இரண்டு, மூன்று பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அந்தக் குறைவை ஒற்றைப் பிள்ளை வீடுகள் தலையில் போட எனக்கு மனமில்லை. பொங்கல் விழாவின் சாப்பாட்டுக் கடையில் வரும் காசை அதற்கென்று ஒதுக்கலாம் என்பது என் யோசனை. மூன்றாவது பிள்ளைக்குப் புத்தகக் காசு மட்டும் போதும்.

இந்த ஆண்டு கையில் காசு இறுக்கமாக இருந்தால் என்னிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். காரணம் கேட்க மாட்டேன், கூட்டத்தில் உங்கள் பெயரும் வராது. அப்புறம், வங்கியில் அனுப்பும்போது பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் மறக்காமல் எழுதுங்கள். போன ஆண்டு ஏழு தொகைகள் பெயரில்லாமல் வந்து, யாருடையது என்று கண்டுபிடிக்க டிசம்பர் ஆகிவிட்டது.

அன்புடன்,
உங்கள் பொருளாளர்