நிழலும் கோப்பியும்: அக்கரைப்பற்று நண்பனுக்கு

மச்சான்,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே. உன் செய்தி கிடைத்து ஒரு கிழமை ஆகிவிட்டது. மட்டக்களப்பில் இப்போது கச்சான் காற்று வீசுகிறது, மண் பறந்து வீட்டுக்குள் வருகிறது, அங்கேயும் அப்படித்தான் இருக்கும். உன் காணியில் தென்னைக்குக் கீழே கோப்பியும் மிளகும் வைத்தால் காசு வருமா என்று கேட்டிருந்தாய். மாத்தளைக்குப் பக்கத்தில் உக்குவெலையில் மாமனார் விட்டுப்போன ஒரு ஏக்கரை நாங்கள் பார்த்து வருகிற வருடங்களில் படித்ததை எழுதுகிறேன், உனக்கான பதில் அதிலேயே இருக்கிறது.

அந்தத் தோட்டத்தில் ஏறக்குறைய 400 மிளகுக் கொடிகள், எல்லாம் கிளிரிசிடியா மரத்தில் ஏற்றியவை. மரத்துக்கு மரம் பத்தடி. இடைவெளிகளில் ஒரு 300 கோப்பிச் செடி. எல்லாம் ரொபஸ்டா, அது தாழ்ந்த இடத்துக்குத் தோதானது, 1869 இல் இலங்கைக்கு வந்து கோப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயையும் அரபிக்காவை விட நன்றாகத் தாங்கும். எல்லையில் கராம்பு நாலைந்து மரம், ஒரு சாதிக்காய் மரம். மாமனாருக்கு வயது போனபிறகு கிளையை ஒழுங்காக வெட்ட ஆளில்லை. நாங்கள் பொறுப்பெடுத்த நேரம் தோட்டத்துக்குள் பகல் பன்னிரண்டு மணிக்கே மங்கலாக இருக்கும். கோப்பிச் செடி பச்சையாக, உயரமாக, பார்க்க வடிவாகத்தான் நிற்கும், ஆனால் கணுவுக்குக் கணு வெறுமை. அந்த 300 செடியிலும் சேர்த்து வருடம் 40 கிலோ கொட்டைதான் தேறியது. செடி கிழடாகிவிட்டது, பிடுங்கிவிடலாம் என்றே நானும் மனைவியும் பேசிக்கொண்டோம். நல்ல காலம், பிடுங்கவில்லை.

2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்களே, உன் வயல் அந்த மாரியில் என்ன பாடுபட்டது என்று எனக்கு நினைவிருக்கிறது. உக்குவெலையிலும் உரம் இல்லை. வேறு வழியில்லாமல் கிளிரிசிடியாக் கிளைகளை வெட்டி, இலையோடு கொடிகளின் அடியில் பரப்பத் தொடங்கினோம். அந்த இலையில் தழைச்சத்து நிறைய, மண்ணில் போட்டால் சில கிழமைகளிலேயே உக்கிவிடும். பசளைக்காக வெட்டினோம், மாற்றம் வந்தது வெளிச்சத்தால்.

அந்த மாற்றம் உடனே கண்ணில் படவில்லை என்பதை மட்டும் கவனமாகக் கேள். கோப்பி பூப்பது போன பருவத்தில் வளர்ந்த பக்கக் கிளையின் கணுக்களில். நிழலில் வளர்ந்த கிளையில் கணுக்கள் தூரம் தூரமாக இருக்கும், பூவாகும் மொட்டும் குறைவு. அதனால் 2021 இல் வெட்டியதற்கு அந்த வருடம் கிடைத்தது புதுக் கிளை மட்டும்தான். 2022 இல் மாசி, பங்குனி வெயிலில் மொட்டுகள் உறங்கிக் கிடந்து, சித்திரைக்கு முன் நல்ல மழை ஒன்று விழுந்து ஒரு கிழமையில் தோட்டமே மல்லிகை வாசமாகப் பூத்தது. ரொபஸ்டா பூத்து ஒன்பது பத்து மாதம் கழித்துத்தான் பழுக்கும், ஆக 2023 தையில்தான் கூடை நிறைந்தது. வெட்டியதற்கும் காசு பார்த்ததற்கும் இடையே ஒன்றரை வருடத்துக்கு மேல். முதல் வருடத்தில் பலன் இல்லை என்று கைவிட்டவர்கள் பக்கத்துக் காணிகளிலேயே இருக்கிறார்கள்.

எப்போது வெட்டுவது என்பதிலும் நாங்கள் பிழை விட்டோம். ஒரு முறை மாசி மாதத்தில் கூலிக்கு ஆள் கிடைத்தான் என்று கிளைகளை முழுக்க மொட்டையடித்துவிட்டோம். மூன்று கிழமையில் மேல் பக்கத்து மிளகு இலைகள் மஞ்சளித்து ஓரம் கருகின, கோப்பி இலை மத்தியானத்தில் துவண்டு தொங்கியது. இப்போது மழை தொடங்கும் நேரங்களில் வருடம் இரண்டு தரம் வெட்டுகிறோம், சித்திரைக் கடைசியில் ஒன்று, புரட்டாதியில் ஒன்று. மிளகு திரி விடும் நேரம் வெளிச்சம் வேண்டும், வறட்சியில் நிழல் வேண்டும். வெட்டாமல் விட்ட கிளிரிசிடியா வறட்சியில் தானே இலை உதிர்த்துப் பூத்துவிடும், நிழல் தேவைப்படும் மாதத்திலேயே வெறுமையாக நிற்கும். புரட்டாதியில் வெட்டினால் புதுத் தளிர் அந்த வறட்சி முழுக்க இலையோடு நிற்கும். உச்சியில் மூன்று நாலு கிளையை எப்போதும் விட்டுவிடுவோம். வெட்டியபின் தரையைப் பார், வெயில் பொட்டுப் பொட்டாக ஆடினால் அளவு சரி. தரை முழுக்க ஒரே நிழல் என்றால் போதவில்லை.

இனிக் காசு. இப்போது கோப்பி 150 கிலோ கொட்டை வருகிறது, முன்பை விட 110 கிலோ கூட. வாங்குகிறவர் போன முறை கிலோவுக்கு 1,200 ரூபாய் தந்தார், அந்தக் கூடுதல் மட்டும் 132,000 ரூபாய். ஒரு கிலோ கொட்டைக்குப் பழம் நாலரை, ஐந்து கிலோ பறிக்க வேண்டும், அதற்கான கூடுதல் பறிப்புக் கூலி 27,500 ரூபாய். முன்பு வருடம் ஒரு தரமாவது ஏதோ வெட்டுவார்கள், இரண்டாவது வெட்டுக்கு 25,000 ரூபாய். கழித்தால் 79,500 ரூபாய் நிற்கிறது. மிளகு கூடியதை இதில் சேர்க்கவில்லை.

ஆனால் தோட்டத்தைத் தூக்கி நிறுத்துவது மிளகுதான். காய்ந்த மிளகு 280 கிலோ, கிலோ 1,600 ரூபாய் என்றால் 448,000. இந்த விலையை நம்பி யாரும் வீடு கட்டக்கூடாது, மிளகு விலை பாதியாக விழுந்ததை மாமனார் காலத்திலும் கண்டிருக்கிறார்கள். அப்படி விழுந்தால் பச்சையாக விற்காமல் காயவைத்து மூட்டை கட்டி வைக்கலாம், அதற்குக் கையில் வேறு காசு வேண்டும். எங்கள் பெரிய மிளகு எடுப்பு வருட நடுவில், கோப்பி தையில். தைக் காசில் வெட்டுக் கூலியும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் ஓடுவதால், ஆடியில் வியாபாரி கேட்ட விலைக்கு மிளகைக் கொடுக்க வேண்டிய அவசரம் எங்களுக்கு இல்லை. ஒரு ஏக்கரில் கோப்பி செய்யும் பெரிய வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பறித்தபின் செடியிலோ தரையிலோ பழம் விடாதே. காய்த்துளைப்பான் வண்டு அதில்தான் அடுத்த பருவம் வரை தங்கும். பழத்தின் நுனித் தொப்புளில் குண்டூசி நுழைகிற அளவு ஓட்டை இருந்தால் அதுதான். இருட்டு மூலையில் கூடுதலாக வரும். காயவைத்த பழத்தைக் காதருகே குலுக்கினால் கொட்டை கலகலக்க வேண்டும், ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

சரி, உன் காணிக்கு வருவோம். மச்சான், வேண்டாம். அங்கே மழை எல்லாம் ஐப்பசி முதல் தை வரை கொட்டித் தீர்த்துவிடும், பிறகு புரட்டாதி வரை பெரிதாக ஒன்றும் இல்லை, நடுவில் கச்சான் வேறு. மணல் மண்ணில் ஈரம் நிற்காது. கிணற்றடியில் வீட்டுத் தேவைக்கு நாலு கொடி ஏற்று, வளரும், கறிக்குக் காணும். வருமானத்துக்கு என்று வைத்தால் தண்ணீர் இறைக்கும் செலவே தின்றுவிடும். உனக்கு உண்மையிலேயே ஆசை என்றால் மாத்தளைப் பக்கம் அரை ஏக்கராவது பார். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில் இருக்கிறது, கன்று பற்றி அங்கே விசாரிக்கலாம். தையில் பழம் பறிக்கப் போகும்போது உனக்குச் சொல்கிறேன், மட்டக்களப்பில் வந்து நில், சேர்ந்தே போவோம்.

அன்புடன்
உன் மச்சான்