பாட்டி விட்ட கயிறு

காட்பாடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாதது என் தவறுதான். அம்மா நலம், முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. மூன்றாம் பெஞ்சுக்காரன் உன்னை விசாரித்தான். கடன் விஷயத்தை நான் எடுக்கவில்லை.

ஒரு பள்ளியின் சிறுகதைப் போட்டிக்கு நடுவராக ஒப்புக்கொண்டேன். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதே, அதை வைத்து எட்டாம் வகுப்பில் இருவர் எழுதியிருந்தார்கள்: ஒரு பையன், ஒரு பெண். வெவ்வேறு பிரிவு. இரண்டிலும் ஒரு பாட்டி, ஓர் ஆடு. வெள்ளம் எல்லோரும் பார்த்ததுதானே என்று முதலில் விட்டுவிட்டேன். ஆனால் இரண்டு கதையிலும் ஆடு ஆற்காட்டில் அடித்துச் செல்லப்பட்டு வேலூரில் கரையேறுகிறது! ஆறு கிழக்கே அல்லவா ஓடுகிறது? வேலூரைத் தாண்டித்தான் ஆற்காடு. சரியானதை இருவர் தனித்தனியே எழுதலாம். இப்படியொரு பிழை இரண்டு தலையில் ஒன்றுபோல முளைக்காது.

யார் யாரைப் பார்த்து எழுதியது? பையனின் தாளில் இப்படி இருக்கிறது: “பாட்டி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். ஆடு மூச்சுத் திணறியது. பாட்டி கயிற்றை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஆடு மிதந்து போனது.” பெண்ணின் தாளில் நடு இரண்டு வாக்கியங்கள் இல்லை. சுற்றிய கயிறு எப்படி விட்டுப்போனது என்றே புரியவில்லை. பார்த்து எழுதும்போது முதல் ‘கொண்டாள்’ முடிந்ததும் கண் இரண்டாவது ‘கொண்டாள்’ மேல் தாவியிருக்கிறது. நம் தமிழ் ஐயா ஏடு பெயர்த்தவர்களைப் பற்றிச் சொல்வாரே, அதே பிழை. ஆக, பெண்தான் பார்த்து எழுதியவள் என்று முடிவு கட்டி, அவள் தாளில் சிவப்பு மையால் கோடும் போட்டுவிட்டேன்.

இருந்தாலும் இருவரையும் தனித்தனியே கூப்பிட்டேன். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் ஒரு நீள நோட்டை நீட்டினாள். அதில், அவள் தாளில் விடுபட்ட அந்த வரியில், ‘அறுத்து’ என்று எழுதி அடித்து, ‘அவிழ்த்து’ என்று எழுதி அதையும் அடித்து, மேலே சின்னதாக ‘விட்டு’ என்று எழுதியிருந்தது. எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது. பார்த்து எழுதியவள்தான், ஆனால் தன் நோட்டைப் பார்த்தே! நல்ல தாளில் எழுதும் அவசரத்தில் தன் உயிரான வரியைத் தானே தவறவிட்டிருக்கிறாள். அந்த நோட்டை ஒரே ஒரு இரவு இரவல் வாங்கிய பையன், எழுத்து விடாமல் எழுதிவிட்டான். கேட்டதும் ஒப்புக்கொண்டான். அவன் கதையை விலக்கிவிட்டேன். பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.

என் கவலை இனிதான். போட்டிக்கு வந்த தாளில் அந்த வரி இல்லை. அதை மட்டும் பார்த்தால் அவளுக்கு மூன்றாம் இடம்கூடக் கிடைக்காது. நோட்டைப் பார்த்தால் முதல் பரிசு அவளுடையதே. மற்ற பிள்ளைகளின் நோட்டுகளை நான் பார்க்கவில்லையே! நீ இருபது வருடம் விடைத்தாள் திருத்தியவன். வெள்ளிக்கிழமைக்குள் எழுது. அதுவரை பட்டியலில் கையெழுத்துப் போட மாட்டேன்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்