காலை எட்டரைக்கு வெட்டுப்படும் மழை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எங்க ஊர்ல ரெண்டு நாளும் மிதமான மழைன்னு நேத்து போட்டிருந்தீங்க. வானிலை மையம் கணக்குப்படி அது தப்பில்ல, ஏன்னா காலை 8.30-லேர்ந்து மறுநாள் 8.30 வரைதான் ஒரு நாள், அதுல 2.5 மில்லிமீட்டர்லேர்ந்து லேசான மழை, 15.6-லேர்ந்து மிதம், 64.5 தொட்டாத்தான் கனமழை, 115.6-ல மிக கனமழை, 204.5-ல அதி கனமழை. ஆனா எங்க மொட்டைமாடி மழைமானில விடியக்காலை நாலு மணிலேர்ந்து எட்டரைக்குள்ள 60, அப்புறம் மதியத்துக்குள்ள இன்னொரு 60 விழுந்துச்சு, மொத்தம் 120, தெருவுல முழங்கால் தண்ணி, ஒரே மழைய எட்டரை மணி ரெண்டா வெட்டினதால ரெண்டு நாளுமே வெறும் மிதம்! அதனால மில்லிமீட்டரோட எத்தன மணிலேர்ந்து எத்தன மணி வரைக்கும் பெஞ்சதுன்னும் சேத்துப் போடுங்க.