‘பெரிய பேக், அதிக சேமிப்பு’ என்ற வாசகம் குறித்துப் புகார்

அனுப்புநர்:
உங்கள் ஷாம்பு வாடிக்கையாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: 340 மில்லி ஷாம்பு பாட்டிலின் மேல் அச்சிட்டுள்ள சேமிப்பு வாசகம், அதுபற்றி நீங்கள் அனுப்பிய பதில்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் ஷாம்புவின் 340 மில்லி பாட்டிலை எங்கள் பகுதி சூப்பர் மார்க்கெட்டில் 221 ரூபாய்க்கு வாங்கினேன். அதன் முகப்பில் ‘பெரிய பேக், அதிக சேமிப்பு’ என்று மஞ்சள் பட்டையில் அச்சிட்டிருக்கிறீர்கள். அதே ஷாம்பு, அதே பெயர், அதே பூப்படம் போட்ட 6 மில்லி பாக்கெட் எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் 2 ரூபாய்க்குச் சரமாகத் தொங்குகிறது. 57 பாக்கெட் வாங்கினால் 342 மில்லி கிடைத்துவிடும். அதற்கு விலை 114 ரூபாய். அதாவது ‘சேமிப்பு’ பேக்கை வாங்கியதற்காக 107 ரூபாய் அதிகம் கொடுத்திருக்கிறேன்.

இதைக் கேட்டு உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியபோது, ‘வெவ்வேறு நுகர்வோரின் தேவைகளுக்கேற்ப வெவ்வேறு அளவுகளில் வழங்குகிறோம், சேமிப்பு என்பது எங்கள் மற்ற பாட்டில்களோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுவது’ என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் எனக்குத் திருப்தி இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாங்குபவர்களைப் பிரித்துப் பார்ப்பதே தவறு என்று நான் வாதாடப்போவதில்லை. ஓய்வுபெறும் வரை சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்றில் களமேற்பார்வையாளராக வேலை பார்த்தவன் நான். வீடு வீடாகப் போய், குடும்பத்தில் அதிகம் சம்பாதிப்பவர் எதுவரை படித்திருக்கிறார், வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா, வாஷிங் மெஷின் இருக்கிறதா, கார், ஏசி, விவசாய நிலம் உண்டா என்று பதினொரு பொருள்கள் அடங்கிய பட்டியலை வைத்துக் கேட்போம். இந்தியாவில் 2011 முதல் புழக்கத்தில் இருந்த வகைப்பாடு அது. அந்தப் படிப்பும் பொருள்களின் எண்ணிக்கையும் சேர்ந்து, ஏ1 தொடங்கி இ3 வரை பன்னிரண்டு படிகளில் ஒன்றில் அந்தக் குடும்பத்தை உட்கார வைக்கும். எந்தப் படியில் எத்தனை வீடுகள், எந்தப் படியில் யார் என்ன வாங்குகிறார்கள் என்பதை உங்களைப் போன்ற நிறுவனங்கள் காசு கொடுத்துத் தெரிந்துகொள்கின்றன. அதில் ரகசியம் எதுவும் இல்லை.

ஆனால் அந்தப் படிநிலை கடைக்கு வந்தால் உதவாது. கல்லாவில் இருப்பவர் ‘உங்கள் வீட்டில் ஏசி இருக்கிறதா’ என்று கேட்டு விலை சொல்ல முடியாது. சொன்னால் அடிதான் விழும். ஆகவே வாங்குபவர் தன்னைத்தானே பிரித்துக்கொள்ளும்படி ஓர் ஏற்பாடு வேண்டும். உங்களுக்கு அந்த வேலையைச் செய்வது பொதியின் அளவு. நாளுக்கு நாள் கையில் இருக்கும் காசை எண்ணிச் செலவழிப்பவர் பாக்கெட் பக்கம் போகிறார். மாதச் சம்பளக்காரர் ஈரக்கையோடு பல்லால் கிழிக்க வேண்டியதில்லை, குளியலறையில் ஒரு பாட்டில் நின்றால் போதும் என்று பாட்டில் பக்கம் போகிறார். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தச் சிறு சிரமம்தான் வேலியாக நிற்கிறது. வேலியைத் தாண்டி யாரும் அதிகம் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இரண்டு பக்கமும் இரண்டு விலை வைத்திருக்கிறீர்கள்.

பாக்கெட் மலிவாக இருப்பதற்குக் காரணம் உங்கள் தாராள மனசு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். கடலூர் சின்னி கிருஷ்ணன் போன்றவர்கள் சாதாரண மக்களுக்கும் எட்டட்டும் என்று ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்துக் கொடுத்த காலத்திலிருந்தே தமிழ்நாட்டில் அந்தச் சந்தை நெரிசலானது. ஒரே ஆணியில் நான்கு கம்பெனிச் சரங்கள் தொங்கும். ஒவ்வொரு குளியலுக்கும் வாங்குபவர் புதிதாக முடிவெடுக்கிறார். இன்று உங்களுடையது, அடுத்த வாரம் பக்கத்துச் சரம். 2 ரூபாய் என்ற நாணய விலையை நீங்கள் மீறினால் அன்றைக்கே அவர் கைமாறிவிடுவார். பாட்டில் வாங்குபவரோ சில மாதங்களுக்கு ஒருமுறை வாங்குகிறார், பழகிய மணத்தை எடுக்கிறார், பக்கத்து அலமாரி விலையைக்கூடப் பார்ப்பதில்லை. யார் விலைக்கு அதிகம் அசைவாரோ அவருக்குக் குறைத்தும், அசையாதவருக்குக் கூட்டியும் விற்பது வியாபாரம். சரி, அதுவரை ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். மற்ற பாட்டில்களோடு ஒப்பிட்டேன் என்றீர்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 80 மில்லி பாட்டில் 68 ரூபாய், மில்லிக்கு 85 காசு. 180 மில்லி 135 ரூபாய், மில்லிக்கு 75 காசு. 340 மில்லி 221 ரூபாய், மில்லிக்கு 65 காசு. பாட்டில்களுக்குள் மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது உண்மைதான். பெரிதாகப் பெரிதாக விலை இறங்குகிறது. இந்தப் படிக்கட்டில் 6 மில்லி பாக்கெட் 85 காசுக்கும் மேலே இருந்திருக்க வேண்டும். அதுவோ 33 காசில் கிடக்கிறது, உங்கள் மிகப் பெரிய பாட்டிலின் விலையில் பாதிதான். படிக்கட்டின் அந்த ஒரு படியை மட்டும் மறைத்துவிட்டு ‘அதிக சேமிப்பு’ என்று எழுதுகிறீர்கள்.

பாட்டில், மூடி, சூப்பர் மார்க்கெட்டின் மார்ஜின் இவற்றுக்கெல்லாம் செலவு உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் 57 துண்டு உறை, 57 முறை நிரப்பி ஒட்டுவது, பெட்டிக் கடை வரை ஆள் வைத்துக் கொண்டு சேர்ப்பது இவையும் சும்மா நடப்பதில்லை. மில்லிக்கு 32 காசு வித்தியாசத்தைப் பிளாஸ்டிக் பாட்டிலின் தலையில் கட்ட முடியாது. அதில் பெரும்பகுதி நான் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று நீங்கள் கணித்ததற்கான விலை.

இதை ஏன் பெரும்பாலோர் கவனிப்பதில்லை? சட்டத்தில் இருக்கும் இரண்டு விலக்குகள் உங்களுக்கு வசதியாக அமைந்துவிட்டன. பாட்டிலில் ஒரு மில்லி என்ன விலை என்று இப்போது அச்சிடுகிறீர்கள், பொட்டலப் பொருள் விதிகள் அப்படிக் கேட்கின்றன. ஆனால் 10 மில்லியும் அதற்குக் குறைவாகவும் உள்ள பொதிகளுக்கு அந்த விதிகளிலிருந்து விலக்கு இருக்கிறது. அப்புறம் சேர்மானப் பட்டியல். 60 மில்லிக்குக் குறைந்த திரவ அழகுசாதனப் பொதிகளில் அது இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் பாக்கெட்டில் இரண்டுமே இல்லை. ஆக, விலையையும் ஒப்பிட முடியாது, உள்ளே இருப்பதையும் ஒப்பிட முடியாது.

என் முக்கியமான கேள்வி இங்கேதான் வருகிறது. பாக்கெட்டில் இருப்பதும் பாட்டிலில் இருப்பதும் ஒரே ஷாம்புவா? மின்னஞ்சலில் நேரடியாகக் கேட்டேன். உங்கள் பதில் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை.

ஒரே சரக்கு என்றால், பாட்டிலில் உள்ள சேமிப்பு வாசகம் வாங்குபவரைத் தவறான வழியில் கொண்டுபோகிறது. வேறு சரக்கு என்றால் நிலைமை இன்னும் மோசம். 1849-இல் பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் டுப்யுய் ரயில் கட்டணம் பற்றி எழுதும்போது, மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாததற்குக் காரணம் செலவு அல்ல, இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவர் மூன்றாம் வகுப்புக்கு இறங்கிவிடக் கூடாது என்பதுதான் என்று விளக்கினார். வேண்டுமென்றே ஒரு பொருளை மட்டமாக்கி வேலியைப் பலப்படுத்தும் அந்த முறை இன்றும் எல்லாத் துறையிலும் நடக்கிறது. நீங்கள் பாக்கெட்டில் நுரைப்பொருளைக் குறைத்தோ, கண்டிஷனர் சேர்மானத்தைக் குறைத்தோ அதே பெயரில் விற்றால், அது கூரையில்லாத பெட்டிக்குச் சமம். அந்தப் பெட்டியில் ஏறுபவருக்கு மேலே கூரை இல்லை என்பதாவது கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டையும் தனித்தனியாகத் தேய்த்துப் பார்த்ததில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதை நான் ஆதாரமாகச் சொல்லவில்லை. பாக்கெட்டில் பட்டியல் அச்சிட்டாலும் முழு விவரம் கிடைத்துவிடாது. ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவை அளவின் இறங்குவரிசையில் வரும், எது எத்தனை சதவீதம் என்பது வராது. ஆகவே பதில் உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

பாக்கெட் வாங்குபவர்களுக்காகவும் ஒரு வார்த்தை. இதே பாக்கெட் முன்பு 7.5 மில்லியாக இருந்தது. 2 ரூபாயைத் தொட முடியாததால் உள்ளே இருப்பதைக் குறைத்தீர்கள். மில்லிக்குச் சுமார் 27 காசாக இருந்தது 33 காசாகிவிட்டது, கிட்டத்தட்ட கால் பங்கு ஏற்றம். பாட்டிலில் இப்படி ஏற்றினால் விலையில் தெரிந்துவிடும். பாக்கெட்டில் அளவு எறும்பளவு எழுத்தில் இருக்கிறது, எங்கள் கடைக்காரருக்கே நான் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

‘அப்படியானால் நீங்களும் பாக்கெட்டே வாங்கலாமே’ என்று சொல்லிவிடாதீர்கள். பல அடுக்கு உறையை எங்கள் ஊரில் பழைய பேப்பர்காரர் எடுப்பதில்லை. காலி பாட்டிலையாவது எடுத்துக்கொள்கிறார். நான் பாட்டில்தான் வாங்குவேன், கூடுதல் காசும் கொடுப்பேன். ஆனால் கூடுதல் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

221 ரூபாயைத் திருப்பிக் கேட்கவில்லை. இரண்டு பொதியிலும் உள்ளது ஒரே தயாரிப்பா என்று எழுத்தில் தெரிவியுங்கள். ஒன்றே என்றால் அந்த மஞ்சள் பட்டையை எடுத்துவிடுங்கள், அல்லது ‘எங்கள் 80 மில்லி பாட்டிலோடு ஒப்பிடுகையில்’ என்பதை அதே அளவு எழுத்தில் சேருங்கள். வேறு என்றால் பாக்கெட்டுக்கு வேறு பெயர் வையுங்கள். சட்டம் விலக்கு கொடுத்திருந்தாலும், சரத்தின் மேல்பகுதியில் மில்லி விலையையும் சேர்மானத்தையும் அச்சிட உங்களை யாரும் தடுக்கவில்லை. அங்கே இப்போது ஒரு நடிகையின் படம் இருக்கிறது, இடம் தாராளமாக இருக்கிறது.

முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைக் கவனிக்கும் தொழிலாளர் துறைக்கும் இதன் நகலை அனுப்புவேன்.

பில்லின் நகல், மூன்று பாட்டில் லேபிள்களின் படங்கள், பழைய 7.5 மில்லி பாக்கெட்டின் படம், இப்போதைய 6 மில்லி பாக்கெட்டின் படம், உங்கள் மின்னஞ்சல் பதில் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்