வெளுத்த பவளத்துக்குத் தேவை நடவு அன்று, காவல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல் வெப்ப அலையால் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் அழிந்துவிட்டதாகவும், அவ்விடங்களில் உடனே புதிய பவளங்களை நட வேண்டும் என்றும் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதிலுள்ள அக்கறை நியாயமானதே. ஆயினும் வெளுத்த பவளத்தைச் செத்த பவளமாகக் கணக்கில் எழுதிவிட்டால், எப்போது எதைச் செய்வது என்ற முடிவே பிழையாகிவிடும்.

பவள உயிரியின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகளே அதற்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியைத் தருகின்றன. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அப்பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. மெல்லிய திசுவின் வழியே உள்ளிருக்கும் வெண்ணிறச் சுண்ணாம்புக் கூடு தெரிகிறது. அந்த நிலையிலும் உயிர் இருக்கிறது. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி மீண்டும் பெருகி நிறம் திரும்பும். குளிராவிட்டால் பவளம் பட்டினியால் மடியும். மடிந்ததன் அடையாளம் வெண்மை அன்று, அதன்மேல் விரைவில் படரும் இழைப்பாசிதான். எனவே மே மாதத்தில் ஒருமுறை மூழ்கிப் படமெடுத்து வருவதால் இழப்பு தெரியாது. அடையாளமிட்ட அதே பவளங்களை ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ மறுபடி பார்த்தால்தான் தெரியும்.

எவ்வளவு சூடு ஆபத்து என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஓரிடத்தில் ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் வழக்கமான சராசரி 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் 1 டிகிரியோ அதற்கும் அதிகமோ ஏறி நிற்கும் வாரங்களையே அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பு கணக்கில் எடுக்கிறது. நீர் 31.5 டிகிரியில் 4 வாரம் நின்றால், ஒன்றரையை நான்கால் பெருக்கி 6 டிகிரி-வாரம் என்பார்கள். 4 டிகிரி-வாரத்தில் வெளுப்பு பரவலாகத் தெரியும். 8-ஐ எட்டினால் மடிவு தொடங்கும். நம் கடலில் இந்தச் சூடு சேர்வது காற்று ஓய்ந்து கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வலுத்து நீரைக் கலக்கும்போதுதான் தணிகிறது. காற்று பத்து நாள் பிந்தினாலும் கணக்கு மாறிவிடும்.

2016-இல் நடந்தது இதற்குச் சான்று. அந்தக் கோடைக்குப் பின் மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்குக் குறைந்ததைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் பதிவு செய்தனர். கிளை கிளையாக விரைந்து வளரும் இனங்கள்தாம் பெரிதும் மடிந்தன. பாறைபோல் திரண்டு, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் இனங்கள் பெரும்பாலும் தப்பின. கிளைப்பவளங்கள் மீண்டும் பரப்பை மூட, இடையூறு இல்லாவிட்டாலே பத்தாண்டு அளவுக்கு ஆகலாம். ஆனால் இங்கே 2010-இன் வெளுப்புக்கும் 2016-இன் வெளுப்புக்கும் இடையே கிடைத்தது ஆறே ஆண்டு.

இந்த நிலையில் நடவு எந்த அளவுக்கு உதவும்? வெள்ளம் வடியாத வயலில் எங்கள் பக்கத்து விவசாயி நாற்று நடமாட்டார். 2023 கோடையில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், பல்லாண்டு உழைப்பில் நட்டு வளர்த்த பவளங்கள் பெருமளவில் மடிந்தன. நாற்றங்கால்களில் மிஞ்சியவற்றை அவசரமாகக் கரைத் தொட்டிகளுக்கு எடுத்துச் செல்ல வேண்டியதாயிற்று. நடவே வேண்டாம் என்பதில்லை. சூடு தணிந்த பிறகு, அந்தக் கோடையைத் தாங்கி நின்ற பவளங்களிலிருந்து துண்டு எடுத்து நடுவதில் பொருள் உண்டு. ஆயினும் சில ஏக்கருக்கு மேல் அது எட்டாது.

மிஞ்சியதைக் காப்பதே மலிவானது. அதற்கான காலமும் குறுகியது. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் தடை ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. வெளுத்த பவளம் தேறத் தொடங்கும் வாரங்களில் இழுவைமடிகள் மீண்டும் கடலடிச் சேற்றைக் கிளப்புகின்றன. காவிரி வண்டல் படியும் எங்கள் தஞ்சைக் கரையில் பவளமே இல்லை என்பதிலிருந்து, கலங்கல் அதற்கு எவ்வளவு ஒவ்வாதது என்பதை ஊகிக்கலாம். கரையை ஒட்டிய கடலில் இழுவைமடி கூடாது என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. வெளுப்பு கண்ட ஆண்டில் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரையிலாவது, பார் எனப்படும் பவளத்திட்டுகளை ஒட்டிய கடலில் அதை உண்மையாகவே நடைமுறைப்படுத்த வேண்டும்.

மற்றொன்று மீன் பிடிக்க வைக்கும் கூடு. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லாததால், பார்மேல் மீன்கூடு வைப்பது கோடை முழுதும் நடக்கிறது. கூடு பவளத்தை நொறுக்குவதோடு, பாசியை மேய்ந்து பாரைத் துப்புரவாக வைக்கும் கிளிமீனையும் ஓரா மீனையும் அள்ளிவிடுகிறது. மேய மீனில்லாத இடத்தில் இளம் பவளம் ஒட்ட வழியில்லை. இதை வெறும் உத்தரவால் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. ஏழை மீனவரின் அன்றாட வருமானம் அது. விசைப்படகுத் தடைக்கால உதவித்தொகையைப் போல, வெளுப்பு கண்ட ஆண்டுகளில் பாரை விட்டு விலகிக் கூடு வைப்போருக்கும் ஒரு தொகை தரலாம். அத்தொகை எவ்வளவு, எந்தெந்தப் பார்களுக்கு என்பதை மீன்வளத் துறையும் வனத் துறையும் கூடு மீனவர்களோடு அமர்ந்து மார்ச் மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். வெளுப்பு தெரிந்த பிறகு கூட்டம் கூட்டினால், ஆணை வருவதற்குள் அக்டோபர் ஆகிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
பட்டுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டம்.