வராத திருத்தத்துக்கு ஏன் வெர்ஷன் எண் எழுதினீர்கள்? – ரிலீஸ் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரிலீஸ் குழுவினருக்கு,

வணக்கம். நம் பில்லிங் மென்பொருளின் ரிட்டர்ன் பில் பிழைக்கான BILL-2317 டிக்கெட்டைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்த டிக்கெட்டில் உங்களில் மூன்று பேருடைய கமென்ட் இருக்கிறது. போன சனிக்கிழமை 4.2.1 வெளியானது. ரிலீஸ் நோட்ஸில் நான்காவது வரியே அந்த டிக்கெட்தான். அதை நம்பி நானே கடைக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, ரிட்டர்ன் பில் பிரச்சினை சரியாயிடுச்சு, இன்னைக்கு ராத்திரியே அப்டேட் போட்டுடுங்க" என்று சொன்னேன். திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அவர் என்னைக் கூப்பிட்டார். எதுவும் சரியாகவில்லை.

அன்று மதியம் கடைக்கே போனேன். மின்சாதனக் கடை. கல்லாவில் இருக்கும் அம்மா ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறார். யாராவது பொருளைத் திருப்பிக் கொடுத்தால், நம் மென்பொருள் அச்சடிக்கும் ரசீதில் வரித்தொகையைப் பேனாவால் அடித்துவிட்டு, கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து, சரியான தொகையை எழுதிக் கையெழுத்து வாங்கி, நோட்டிலும் ஒரு வரி எழுதுகிறார். ஆறு வாரமாக இதுதான் நடக்கிறது. 2,000 ரூபாய் ஃபேன், பத்து சதவீதத் தள்ளுபடி போக 1,800. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 324. ஆக, வாடிக்கையாளர் கொடுத்தது 2,124. அதே ஃபேன் திரும்பி வரும்போது நம் மென்பொருள் தள்ளுபடிக்கு முந்தைய 2,000-க்கு வரி போட்டு 360 என்று காட்டுகிறது. 1,800-ஓடு சேர்த்து 2,160 திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. ஒரு ஃபேனுக்கு 36 ரூபாய் கடையின் கையை விட்டுப் போகிறது.

நான் சரியாகிவிட்டது என்று சொன்னதால் திங்கட்கிழமை காலை அந்த நோட்டை அவர் மேசை டிராயருக்குள் வைத்துவிட்டார். திரும்ப வெளியே எடுப்பதற்குள் ஐந்து ரிட்டர்ன் போயிருந்தது. ராத்திரி கல்லாக் கணக்கு ஒத்துப் போகவில்லை என்றால் முதல் கேள்வி அவரிடம்தான் வரும். அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்க சொன்னீங்களேன்னுதான் உள்ள வச்சேன்" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தைக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆபீஸுக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை இது:

```
git log v4.2.0..v4.2.1 --oneline --grep=BILL-2317
```

ஒரு வரிகூட வரவில்லை. நம் கமிட் எல்லாவற்றிலும் டிக்கெட் எண் கட்டாயம் என்பதால் இந்தத் தேடலை நம்பலாம். அப்புறம் டிக்கெட்டில் இருந்த கமிட்டை எடுத்துப் பார்த்தேன்:

```
git tag --contains 8f3c1ad
v4.3.0-rc1
```

திருத்தம் இருக்கிறது. ஆனால் அது மெயின் பிராஞ்சில் இருக்கிறது, 4.3-க்குத்தான் போகும். 4.2 பிராஞ்சுக்கு அதை யாரும் செர்ரி-பிக் செய்யவே இல்லை. (செர்ரி-பிக் செய்தால் கமிட்டின் ஹாஷ் மாறிவிடும். அதனால் இந்த இரண்டாவது கட்டளையை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. டிக்கெட் எண்ணை வைத்துத் தேடுவதுதான் சரி.)

அப்படியானால் டிக்கெட்டின் ஃபிக்ஸ் வெர்ஷன் கட்டத்தில் 4.2.1 எப்படி வந்தது? டிக்கெட்டின் ஹிஸ்டரி தெளிவாகச் சொல்கிறது. திட்டமிடல் கூட்டத்தில் "இதை 4.2.1-ல் தந்துவிடலாம்" என்று பேசி எண்ணை எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரம் கழித்து டெவலப்பர் மெயினில் மெர்ஜ் செய்து, டிக்கெட்டை டன் என்று நகர்த்தியிருக்கிறார். ஃபிக்ஸ் வெர்ஷனை அதன் பிறகு யாரும் தொடவில்லை. ரிலீஸ் பக்கத்தில் பட்டை பச்சையானது. அந்தப் பட்டை டிக்கெட்டின் நிலையைத்தான் எண்ணுகிறது. கோட் எந்த பிராஞ்சில் போய் உட்கார்ந்தது என்பது அதற்குத் தெரியாது.

இங்கேதான் எல்லாம் குழம்புகிறது என்று நினைக்கிறேன். ஒரே கட்டத்தில் நாம் இரண்டு வெவ்வேறு விஷயங்களை எழுதுகிறோம். வேலை முடியும் முன்பு ஃபிக்ஸ் வெர்ஷன் என்பது ஒரு உத்தேசம்: இந்த ரிலீஸில் தரலாம் என்று இருக்கிறோம். வேலை முடிந்த பிறகு அதே எண் ஒரு சான்று: இந்த ரிலீஸில் இது இருக்கிறது. உத்தேசம் சான்றாக மாறுகிற அந்த ஒரு நிமிடத்தில் யாராவது பார்த்து உறுதி செய்ய வேண்டும். நம்மிடம் அது யாருடைய வேலையாகவும் இல்லை. ரிலீஸ் நோட்ஸோ எல்லா எண்ணையும் சான்றாகவே எடுத்துக்கொண்டு அச்சாகிறது. ஒரே திருத்தம் என்று இணைத்துவிட்டு டூப்ளிகேட் என மூடிய டிக்கெட்டில் பழைய எண் நின்றால், அதுவும் அந்தப் பட்டியலில் வந்து உட்காருகிறது.

இது நம் ஆபீஸில் மட்டும் உள்ள குழப்பம் இல்லை. அப்பாச்சி ஸ்பார்க் திட்டத்தின் பங்களிப்பு வழிகாட்டியைப் படித்துப் பாருங்கள். பக் என்றால் பிரச்சினை இருப்பதாகத் தெரிந்த ஒரு வெர்ஷனையாவது அஃபெக்ட்ஸ் வெர்ஷனில் எழுதச் சொல்கிறார்கள். ஃபிக்ஸ் வெர்ஷனை டிக்கெட் போடுகிறவர் தொடக் கூடாது, தீர்வானதும் கமிட்டர் மட்டுமே எழுதுவார் என்கிறார்கள். எந்த ரிலீஸுக்குள் தரலாம் என்ற உத்தேசத்துக்கு டார்கெட் வெர்ஷன் என்று தனிக் கட்டமே வைத்திருக்கிறார்கள்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். திருத்தம் எந்த பிராஞ்சில் மெர்ஜ் ஆனதோ, அந்த ரிலீஸின் எண்தான் ஃபிக்ஸ் வெர்ஷனில் நிற்க வேண்டும். மெர்ஜ் செய்தவரே டிக்கெட்டை மூடும்போது அதைப் பார்த்து எழுத வேண்டும். இரண்டு பிராஞ்சில் போனால் இரண்டு எண்ணும் இருக்கட்டும்.

அஃபெக்ட்ஸ் வெர்ஷனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த டிக்கெட்டில் அது 4.2.0 என்று மட்டும் இருந்தது. கடைக்காரர் பயன்படுத்துவது அதுதான், அதனால் நான் அதை எழுதினேன். அது என் குறை. அதற்கு மேல் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை நான் உட்கார்ந்து பழைய பில்டுகளைப் போட்டு அதே ஃபேன் கணக்கை ஓட்டினேன். 4.0.6-ல் வரி 324, சரி. 4.1.3-ல் 360. அதாவது தள்ளுபடியை பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகக் கணக்கிட ஆரம்பித்த 4.1-லேயே இந்தப் பிழை நுழைந்துவிட்டது. நம் வாடிக்கையாளர்களில் 23 கடைகள் இன்னும் 4.1-ல்தான் இருக்கின்றன. நீங்கள் 4.1-க்கு இன்னொரு பேட்ச் வேண்டுமா என்று முடிவெடுக்கும்போது பார்த்த ஃபில்டர் இது:

```
affectedVersion = "4.1.3" AND resolution is EMPTY
```

அதில் இந்த டிக்கெட் வரவே வராது. "4.1-ல் பெரிய பிரச்சினை எதுவும் இல்லை" என்று மினிட்ஸில் எழுதிவிட்டோம். 4.1.4 திட்டத்தில் இருந்தே நீக்கப்பட்டது. அந்த 23 கடைகளும் தினமும் கூடுதலாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அவர்களிடம் நோட்டுப் போட்டு எழுதுகிற ஒரு அம்மா இல்லாததால் நமக்கு போன் வரவில்லை, அவ்வளவுதான்.

"அஃபெக்ட்ஸில் லேட்டஸ்ட் வெர்ஷன் போதும்" என்று ஒரு டெவலப்பர் என்னிடம் சொன்னார். போதாது. எந்தெந்தப் பிராஞ்சுக்குத் திருத்தத்தைக் கொண்டுபோக வேண்டும் என்பதை அந்தக் கட்டம்தான் சொல்கிறது. இன்னும் வெளிவராத 4.3-ன் சோதனை பில்டில் ஒரு பக் கிடைத்தாலும் அஃபெக்ட்ஸில் 4.3.0 என்றே எழுத வேண்டும். அப்போதுதான் நாம் புதிதாக உடைத்தது எது, ரிலீஸுக்கு முன் கட்டாயம் சரிசெய்ய வேண்டியது எது என்று தனியாகத் தெரியும். அஃபெக்ட்ஸும் ஃபிக்ஸும் 4.3.0 மட்டுமே என்றால் அந்தப் பிழையை எந்த வாடிக்கையாளரும் பார்த்ததே இல்லை. அது ரிலீஸ் நோட்ஸில் வரவும் வேண்டியதில்லை. முன்பு ஒரு ரிலீஸின் நோட்ஸில் 31 வரியில் 9 வரி அப்படிப்பட்டவை. "இது எங்க கடையில எப்ப நடந்தது?" என்று கேட்டவர்களுக்கு நாங்கள்தான் பதில் சொன்னோம்.

மனதில் இருப்பதை முழுவதும் சொல்லிவிடுகிறேன். ரிலீஸ் பொத்தானை அழுத்தும்போது, இன்னும் முடியாத டிக்கெட்டுகளை என்ன செய்யலாம் என்று ஜிரா கேட்கிறது. நாம் ஒவ்வொரு முறையும் மொத்தமாக அடுத்த வெர்ஷனுக்கு நகர்த்திவிடுகிறோம். நேற்று இதைத் தேடினேன்:

```
fixVersion WAS "4.2.0" AND fixVersion = "4.2.2"
```

பதினோரு டிக்கெட். எல்லாம் 4.2.0-ல் தருவதாகச் சொல்லி, 4.2.1-க்குத் தள்ளி, இப்போது 4.2.2-ல் நிற்பவை. ஒன்றில்கூட ஏன் தள்ளினோம் என்று ஒரு வரி இல்லை. ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைப் பார்த்து வாடிக்கையாளருக்கு நாங்கள் தேதி சொல்கிறோம். இரண்டாவது தடவை சொல்லும்போதே குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. தர முடியாது என்றால் ஃபிக்ஸ் வெர்ஷனைக் காலியாக விட்டுவிடுங்கள். காலியாக இருந்தால் "இன்னும் முடிவாகவில்லை" என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் போவோம். ஆனால் அப்படிக் காலியாக விட்டால் உங்கள் ஃபில்டர்களையும் ஒருமுறை பாருங்கள். `fixVersion != "4.2.2"` என்று தேடினால் காலியாக உள்ள டிக்கெட்டுகள் வராது. `OR fixVersion is EMPTY` என்று சேர்த்தால்தான் வரும். இல்லையென்றால் அவை யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரிலீஸுக்கும் நீங்கள் இரவு இரண்டு மணி வரை உட்காருவதை நானும் பார்க்கிறேன். இதற்காகப் பெரிய நடைமுறை எதையும் நான் கேட்கவில்லை. மெர்ஜ் செய்தவர் டிக்கெட்டை மூடும்போது ஃபிக்ஸ் வெர்ஷனைச் சரிபார்க்கட்டும். டேக் போட்ட பிறகு, ரிலீஸ் நோட்ஸ் வெளியே போகும் முன், உங்களில் ஒருவர் அந்த `git log` பட்டியலையும் ஜிரா பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். 4.2.1-ல் மொத்தம் 18 டிக்கெட். நான் ஒப்பிட்டுப் பார்த்தபோது இருபது நிமிடம்கூட ஆகவில்லை. BILL-2317 தவிர இன்னும் இரண்டு டிக்கெட்டுகளின் திருத்தம் அந்த டேக்கில் இல்லை. எண்களைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

வியாழக்கிழமை 4.2.2-க்கான கோட் ஃப்ரீஸ். அதற்குள் BILL-2317-ஐ 4.2 பிராஞ்சுக்குக் கொண்டுவர முடியுமா, 4.1-க்கு ஒரு பேட்ச் உண்டா என்று தயவுசெய்து தெரிவியுங்கள். டிக்கெட்டின் அஃபெக்ட்ஸில் 4.1.3-ஐச் சேர்த்துவிட்டேன். ஃபிக்ஸ் வெர்ஷனில் இருந்த 4.2.1-ஐ நீக்கிவிட்டேன். அந்தக் கட்டம் இப்போது காலியாக இருக்கிறது. மெர்ஜ் ஆன பிறகு நீங்களே எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் அந்தக் கடைக்கு நான் போன் செய்வேன்.

நன்றியுடன்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து உங்கள் சக ஊழியர்